ரூப்ரிக்கிலிருந்து செக்லிஸ்ட்: அசைன்மெண்டைச் சமர்ப்பிக்கும் முன் டிக் செய்ய ஒரு பட்டியல் தயாரிப்பது எப்படி

ஒரு மாணவி, மதிப்பெண் வந்த தன் கட்டுரையையும் அதற்காக அவளே தயாரித்திருந்த செக்லிஸ்டையும் என்னிடம் கொண்டுவந்தாள். பதினொரு வரிகள், பதினொன்றிலும் டிக். அதில் ஒரு வரி, 'பகுப்பாய்வு நன்றாக இருக்கிறதா?' என்பது. அதற்கும் டிக் போட்டிருந்தாள். அந்தப் பகுதிக்கு ஆசிரியர் தந்தது 40க்கு 19.

அவள் பொய்யாக டிக் போடவில்லை. ஆசிரியர் எதற்கு எவ்வளவு மதிப்பெண் தருவார் என்று சொல்லும் தாள்தான் ரூப்ரிக். அதன் தலைப்புகளை அப்படியே எடுத்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்த்திருந்தாள், அவ்வளவுதான். 'நன்றாக இருக்கிறதா?' என்று எழுதியவரையே கேட்டால் அவர் மனதில் இருப்பதுதான் பதிலாக வரும், தாளில் இருப்பது வராது. செக்லிஸ்டில் ஒரு வரி வேலை செய்ய வேண்டுமென்றால், அதற்கு 'ஆம்' என்று சொல்லும்போது கட்டுரையில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும். விரல் வைக்க இடமில்லாத வரியை மாற்றி எழுத வேண்டும். அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதை ஓர் அசைன்மெண்டை எடுத்து முழுசாகச் செய்து காட்டுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அசைன்மெண்ட்

அந்த மாணவிக்கு ஆசிரியர் தந்த அசைன்மெண்ட் தாள் இது:

"வெள்ளத்துக்குப் பிறகு குடிநீரைப் பாதுகாப்பாக்க, கொதிக்கவைத்தல், குளோரின் கலத்தல் ஆகிய இரு முறைகளை ஒப்பிட்டு, தற்காலிக முகாம் ஒன்றுக்கு எது அதிகம் ஏற்றது என்று மதிப்பிடுக. 1500 சொற்கள் (10 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம்). குறைந்தது 5 நம்பகமான ஆதாரங்கள். அவற்றில் 2 ஆய்விதழ்க் கட்டுரைகளாக இருக்க வேண்டும். ஏபிஏ முறையில் மேற்கோள் காட்டுக. ஒப்பீட்டை ஓர் அட்டவணையில் தொகுத்துத் தருக. பிடிஎஃப் கோப்பாகச் சமர்ப்பிக்கவும்."

கூடவே வந்த ரூப்ரிக்கில் ஐந்து வரிசைகள்: பாட அறிவு 20, பகுப்பாய்வும் மதிப்பீடும் 40, ஆதாரப் பயன்பாடு 20, அமைப்பு 10, மொழியும் மேற்கோள் வடிவமும் 10. ஒவ்வொரு வரிசைக்கும் 'சிறப்பு', 'நன்று', 'போதுமானது', 'போதாது' என்று நான்கு கட்டங்கள்.

இந்த இரண்டு தாள்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அசைன்மெண்ட் தாள் நீங்கள் என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. கொடுத்தது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை எப்படி அளப்பேன் என்று ரூப்ரிக் சொல்கிறது. முதலாவதில் வருபவை பெரும்பாலும் இருக்கிறதா, இல்லையா என்ற கணக்கு. அட்டவணை கேட்டிருந்தால் அது இருக்க வேண்டும், பாதி அட்டவணைக்கு அர்த்தமில்லை. இரண்டாவதில் வருபவை படிப்படியாக ஏறுபவை. அதனால் இரண்டையும் வேறு வேறு விதமாகப் பிரிக்க வேண்டும்.

முதலில் அசைன்மெண்ட் தாளை உடைப்பது

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் தவறிவிடும். ஆசிரியர்கள் ஒரே வாக்கியத்துக்குள் நான்கைந்து வேண்டுகோள்களை அடைத்துவிடுவார்கள். மேலே உள்ள முதல் வாக்கியத்தையே பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு என்பது ஒரு வரம்பு. கொதிக்கவைத்தல், குளோரின் என்பது இன்னொரு வரம்பு, வடிகட்டி பற்றி ஒரு பக்கம் எழுதினால் அது வெளியே போய்விடும். தற்காலிக முகாம் என்பது மூன்றாவது. அப்புறம் இரண்டு வினைச்சொற்கள்: ஒப்பிடு, மதிப்பிடு.

மிக அதிகமாக மதிப்பெண் போவது இந்த வினைச்சொற்களில்தான். 'விவரி' என்றால் அது எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். 'விளக்கு' என்றால் ஏன், எப்படி என்பதும் வர வேண்டும். 'ஒப்பிடு' என்றால் ஒரே அளவுகோலை இரண்டின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். 'மதிப்பிடு' என்றால் கடைசியில் ஒரு பக்கம் நின்று, ஏன் அங்கே நிற்கிறோம் என்று காட்ட வேண்டும். மதிப்பிடச் சொன்ன இடத்தில் விவரித்துவிட்டு வருவது, நான் பார்த்த கட்டுரைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. தகவல் எல்லாம் சரியாக இருக்கும், மொழியும் நன்றாக இருக்கும், ஆனால் கேட்ட வேலை நடந்திருக்காது. ஆகவே அசைன்மெண்ட் தாளில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதுங்கள்.

எண்களைக் கணக்குப் போட்டே எழுதிவிடுங்கள். '1500 சொற்கள், 10 சதவீதம்' என்று எழுதி வைத்தால் கடைசி இரவில் மீண்டும் யோசிக்க வேண்டியிருக்கும். '1350 முதல் 1650 வரை' என்று எழுதினால் பார்த்த உடனே தெரியும். ஆதாரப் பட்டியலும் அட்டவணையும் அந்தச் சொல் எண்ணிக்கையில் சேருமா என்று தாளில் இல்லை. இதை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட சந்தேகங்களைப் பட்டியலின் ஓரத்தில் 'கேள்' என்று குறித்துவையுங்கள்.

ரூப்ரிக்கைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துப் படிப்பது

பெரும்பாலானவர்கள் ரூப்ரிக்கில் 'சிறப்பு' என்ற கட்டத்தை மட்டும் படிப்பார்கள். எல்லாமே நல்லதாகத்தான் அங்கே எழுதியிருக்கும், எதைக் குறிவைப்பது என்று புரியாது. அதற்குப் பதிலாக, 'சிறப்பு'க்கும் 'நன்று'க்கும் நடுவே என்ன சொல் மாறியிருக்கிறது என்று தேடுங்கள். பிறகு 'நன்று'க்கும் 'போதுமானது'க்கும் நடுவே. மாறிய சொல்லில்தான் மதிப்பெண் இருக்கிறது.

நம் ரூப்ரிக்கின் 40 மதிப்பெண் வரிசை இது:

- சிறப்பு: "இரு முறைகளும் ஒரே அளவுகோல்களால் கட்டுரை முழுவதும் ஒப்பிடப்பட்டுள்ளன. முடிவு சான்றுகளிலிருந்து பிறக்கிறது. முடிவின் வரம்புகள் விவாதிக்கப்பட்டுள்ளன."
- நன்று: "இரு முறைகளும் ஒப்பிடப்பட்டுள்ளன. முடிவு தெளிவாகக் கூறப்பட்டு, ஓரளவு சான்று தரப்பட்டுள்ளது."
- போதுமானது: "இரு முறைகளும் தனித்தனியே விவரிக்கப்பட்டுள்ளன. முடிவு கூறப்பட்டுள்ளது."

கீழிருந்து மேலே வாருங்கள். 'தனித்தனியே விவரிக்கப்பட்டு' என்பது 'ஒப்பிடப்பட்டு' என்று மாறுகிறது. அதாவது முதல் பாதி கொதிக்கவைத்தல், இரண்டாம் பாதி குளோரின் என்று எழுதினால் 'போதுமானது' கட்டத்திலேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு. அடுத்து, 'ஓரளவு சான்று' என்பது 'சான்றுகளிலிருந்து பிறக்கிறது' என்று மாறுகிறது. கடைசியாக, கீழே எங்குமே இல்லாத ஒன்று மேல் கட்டத்தில் மட்டும் வருகிறது: முடிவின் வரம்புகள்.

இந்த மூன்று மாற்றங்கள்தான் மூன்று செக்லிஸ்ட் வரிகள். 'பகுப்பாய்வு நன்றாக இருக்கிறதா?' இருந்த இடத்தில் இப்போது இவை வருகின்றன:

- ஒவ்வொரு உடல் பத்தியிலும் இரண்டு முறைகளின் பெயரும் வருகிறதா?
- முடிவுப் பத்தியில் சொல்லும் ஒவ்வொரு காரணமும் முன்பு எந்தப் பத்தியில் சான்றோடு வந்தது என்று எண் போட முடிகிறதா?
- என் முடிவு எந்தச் சூழலில் பொருந்தாது என்று குறைந்தது ஒரு வாக்கியமாவது இருக்கிறதா?

உடல் பத்தி என்பது முன்னுரைக்கும் முடிவுக்கும் நடுவே வரும் பத்தி. மூன்றுக்குமே விரல் வைத்துக் காட்டலாம்.

'பொதுவாக', 'பெரும்பாலும்', 'தொடர்ந்து' என்று அளவு சொல்லும் சொற்களைக் கவனமாகப் பாருங்கள். சில ரூப்ரிக்குகளில் கட்டங்களுக்கு நடுவே வேறு எந்த மாற்றமும் இருக்காது, இந்தச் சொல் மட்டும்தான் மாறும். மேல் கட்டம் 'தொடர்ந்து' என்று சொன்னால், உங்கள் செக்லிஸ்ட் வரியில் 'ஒவ்வொரு' என்ற சொல் வந்தே ஆக வேண்டும். ஒரு பத்தியில் இருப்பதைப் பார்த்துவிட்டு டிக் போட முடியாதபடி அது தடுக்கும்.

விரல் வைக்க முடியாத சொற்கள்

'தெளிவான அமைப்பு', 'விமர்சனப் பார்வை', 'பொருத்தமான ஆதாரங்கள்' போன்றவை ரூப்ரிக்கில் வந்துகொண்டே இருக்கும். இவற்றை அப்படியே பட்டியலில் போட்டால் பழைய கதைதான். ஒவ்வொன்றையும் பார்த்துச் சோதிக்கக்கூடிய ஒரு செயலாக மாற்ற வேண்டும்.

'தெளிவான அமைப்பு'க்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. கட்டுரையின் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் வேறொரு தாளில் நகலெடுத்து, வரிசையாகப் படியுங்கள். அதை மட்டும் படித்த ஒருவருக்கு உங்கள் வாதம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை புரிந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது. நடுவில் எங்கே தாவுகிறதோ அங்கேதான் பத்தி இடம் மாறியிருக்கிறது, அல்லது ஒரு பத்திக்குள் இரண்டு கருத்துகள் நுழைந்திருக்கின்றன.

'விமர்சனப் பார்வை'க்கு இப்படி ஒரு வரி எழுதலாம்: 'ஒவ்வொரு மேற்கோளுக்கும் பிறகு, அது என் வாதத்துக்கு என்ன செய்கிறது என்று என் சொந்த வாக்கியம் ஒன்று இருக்கிறதா?' மேற்கோளோடு பத்தி முடிந்தால் அந்த வரிக்கு டிக் கிடையாது. 'பொருத்தமான ஆதாரங்கள்' என்பதற்கு, ஒவ்வோர் ஆதாரத்தையும் யார் வெளியிட்டார்கள், எந்த ஆண்டு என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும். எழுத முடியாத ஆதாரம் எதுவோ அதை மாற்ற வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு ஏற்ற இடம்

பட்டியல் தயாரான பின், ரூப்ரிக்கோடு தொடர்புள்ள ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த மதிப்பெண் வரிசையைச் சேர்ந்தது என்று எண்ணைப் போடுங்கள். அப்புறம் உங்கள் வரைவில் எந்தப் பகுதிக்கு எத்தனை சொற்கள் போயிருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த மாணவியின் கட்டுரையில் இதைச் செய்தபோது காரணம் தெரிந்துவிட்டது. இரு முறைகளும் எப்படி வேலை செய்கின்றன என்ற விளக்கத்துக்கு 800 சொற்களுக்கு மேல் போயிருந்தன. அதற்கு ரூப்ரிக் தருவது 20. ஒப்பீடும் முடிவும் சேர்ந்த 40 மதிப்பெண் பகுதிக்கு மீதி இருந்தது 350 சொற்கள்கூட இல்லை.

சொற்களை மதிப்பெண் விகிதத்தில் கணக்காகப் பிரிக்கச் சொல்லவில்லை. மொழிக்கு 10 மதிப்பெண் என்பதற்காக அதற்கென்று 150 சொற்கள் ஒதுக்க முடியாது. ஆனால் 20 மதிப்பெண் பகுதி 40 மதிப்பெண் பகுதியைவிட இரு மடங்கு நீளமாக இருந்தால் அது ஓர் எச்சரிக்கை.

ஒரு பத்தியில் பட்டியல் என்ன செய்கிறது

அந்த மாணவியின் மூல வரைவில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

"கொதிக்கவைத்தல் எளிமையான முறை. இது நீரில் உள்ள நோய்க்கிருமிகளைக் கொல்கிறது. ஆனால் எரிபொருள் தேவை. கொதித்த நீரை மூடி வைக்க வேண்டும்."

தகவல் ஒன்றும் தவறில்லை. ஆனால் 'ஒவ்வொரு உடல் பத்தியிலும் இரண்டு முறைகளின் பெயரும் வருகிறதா?' என்ற வரிக்கு டிக் போட முடியாது. அந்த வரியை வைத்துக்கொண்டு அவள் திருத்தியபோது பத்தியின் பொருளே மாறியது. ஒரு முறையைப் பற்றிய பத்தியாக இருந்தது, ஓர் அளவுகோலைப் பற்றிய பத்தியாக ஆனது:

"சுத்தம் செய்த நீர் மீண்டும் அசுத்தமாவதை எந்த முறை தடுக்கிறது என்பது முகாமில் முக்கியமான கேள்வி. கொதிக்கவைத்த நீரில் ஆறிய பிறகு எந்தப் பாதுகாப்பும் தங்குவதில்லை. அழுக்கான கையோ குவளையோ பட்டால் கிருமி திரும்பச் சேரும். குளோரின் கலந்த நீரில் எஞ்சியிருக்கும் குளோரின், சேமித்து வைத்திருக்கும்போதும் ஓரளவு காக்கிறது. பல குடும்பங்கள் ஒரே தொட்டியில் நீர் எடுக்கும் இடத்தில் இந்த வேறுபாடு குளோரினுக்குச் சாதகமாகிறது."

கடைசி வாக்கியத்தில் மதிப்பீடு தானாக வந்துவிட்டதைக் கவனியுங்கள். 'வரம்பு' என்ற வரியும் இதே போல ஒரு புதிய பத்தியைக் கேட்டது: நீர் கலங்கலாக இருந்தால் குளோரினின் திறன் குறையும், கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் வழக்கமான அளவு குளோரினைத் தாங்கிவிடும், ஆனால் கொதிக்கவைத்தால் அவை சாகும். அதனால் கலங்கலான நீரை முதலில் தெளியவைக்காமல் குளோரினைப் பரிந்துரைக்க முடியாது என்று அவள் எழுதினாள். வெள்ளத்துக்குப் பிறகு என்ற வரம்பும் அங்கேயே நிறைவேறிவிட்டது, ஏனென்றால் வெள்ள நீர் கலங்கலாகத்தான் இருக்கும்.

பட்டியலின் முழு வடிவம்

இந்த அசைன்மெண்டுக்கு நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட பட்டியல் இது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் டிக் கட்டமும், பத்தி எண் எழுத ஓர் இடமும் உண்டு.

வரைவு முடிந்ததும்:

1. முகாமுக்கு எது ஏற்றது என்ற என் பதில் முன்னுரையிலேயே ஒரு வாக்கியமாக வருகிறதா?
2. ஒவ்வொரு உடல் பத்தியும் ஓர் அளவுகோலைப் பற்றியதா, அதில் இரு முறைகளும் வருகின்றனவா? (40)
3. முடிவின் ஒவ்வொரு காரணத்துக்கும் முன்பு சான்று வந்த பத்தி எண் இருக்கிறதா? (40)
4. முடிவு பொருந்தாத சூழல் ஒன்றாவது சொல்லப்பட்டிருக்கிறதா? (40)
5. வெள்ளம், முகாம் இரண்டும் முன்னுரையில் மட்டுமின்றி உடல் பத்திகளிலும் வருகின்றனவா?
6. ஒவ்வொரு முறையும் கிருமியை எப்படி அழிக்கிறது என்ற விளக்கம் இருக்கிறதா? (20)
7. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பிறகு என் வாக்கியம் ஒன்று இருக்கிறதா? (20)
8. 5 ஆதாரங்கள், அவற்றில் 2 ஆய்விதழ்க் கட்டுரைகள்? (20)
9. முதல் வாக்கியங்களை மட்டும் படித்தால் வாதம் புரிகிறதா? (10)

சமர்ப்பிக்கும் நாளில்:

10. அட்டவணை இருக்கிறதா, உரையில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா?
11. உரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் ஆதாரப் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரையில் வருகிறதா? (10)
12. 1350 முதல் 1650 சொற்களுக்குள் இருக்கிறதா?
13. சத்தமாக ஒருமுறை முழுதும் படித்தேனா? (10)
14. கோப்பில் பழைய கருத்துக் குறிப்புகளோ திருத்தக் கோடுகளோ மிச்சமில்லையா?
15. பிடிஎஃப் கோப்பைத் திறந்து எல்லாப் பக்கங்களையும் பார்த்தேனா?

பதினைந்து வரி. இருபதைத் தாண்டினால் கை தானாக டிக் போட ஆரம்பித்துவிடும், அதனால் அதற்கு மேல் போக விடாதீர்கள். எழுத்துரு, ஓரம், வரி இடைவெளி போன்றவை நிறைய இருந்தால் அவற்றை எல்லாம் ஒரே வரியாகச் சேர்த்துவிடலாம்.

பட்டியலை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் ஒன்பதில் ஒன்று தவறினால் பத்திகளையே மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். கடைசி ஆறில் எது தவறினாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். எல்லாவற்றையும் கடைசி இரவில் பார்ப்பவர், அந்த நேரத்தில் சரிசெய்ய முடிந்ததை மட்டும் சரிசெய்வார். அது பெரும்பாலும் 10 மதிப்பெண் வரிசையாகத்தான் இருக்கும்.

11வது வரிக்கு ஒரு குறுக்குவழி: ஆதாரப் பட்டியலிலிருந்து ஒவ்வோர் ஆசிரியர் பெயரையும் எடுத்து Ctrl+F அழுத்தித் தேடுங்கள். பட்டியலில் மட்டும் வந்து உரையில் வராத பெயர் உடனே அகப்படும். பின்பு எதிர்த்திசையில், உரையைப் படித்தபடி ஒவ்வொரு மேற்கோளையும் பட்டியலில் தேடுங்கள்.

டிக் போடும் விதம்

நினைவிலிருந்து டிக் போடாதீர்கள். பத்திகளுக்கு எண் கொடுத்து, டிக்குக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாவிட்டால் டிக் இல்லை. சரியாகத் தெரியாத இடத்தில் பாதி டிக் போடும் பழக்கமும் வேண்டாம், அது 'இல்லை' என்றே கணக்கு. முடிந்தால் 2, 3, 7 ஆகிய மூன்று வரிகளை மட்டும் உடன் படிக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு இல்லாத சான்றும் இருப்பதாகத் தெரியும். கட்டுரையை முதல்முறை படிப்பவர் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

தாள்கள் ஒத்துப்போகாதபோது

சில சமயம் அசைன்மெண்ட் தாள் '5 ஆதாரங்கள்' என்றும், ரூப்ரிக்கின் மேல் கட்டம் '8 அல்லது அதற்கு மேல்' என்றும் சொல்லும். பெரும்பாலும் ரூப்ரிக் வேறொரு அசைன்மெண்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். ஊகிக்காமல் கேளுங்கள், ஆனால் சுருக்கமாகக் கேளுங்கள்: "ஐயா, அசைன்மெண்ட் தாளில் 5 ஆதாரங்கள் என்றும் ரூப்ரிக்கில் 8 என்றும் இருக்கிறது. எதைப் பின்பற்றட்டும்?" இரண்டு வரிகளையும் எடுத்துக்காட்டிக் கேட்டால் பதிலும் ஒரே வரியில் வரும். பதில் வரும் வரை கடினமானதை எண்ணித் தயாராகுங்கள்.

கட்டங்களே இல்லாமல் ஒவ்வொரு மதிப்பெண் நிலைக்கும் ஒரே ஒரு பத்தி மட்டும் தரும் ரூப்ரிக்கும் உண்டு. அதை முற்றுப்புள்ளிகளிலும் அரைப்புள்ளிகளிலும் வெட்டித் தனி வரிகளாக்கி, மேல் நிலையின் வரிகளைக் கீழ் நிலையின் வரிகளோடு பொருத்திப் பாருங்கள். அதன் பிறகு செய்வது அதே வேலைதான். ஆசிரியர் ரூப்ரிக்கே தராவிட்டால், அசைன்மெண்ட் தாளின் வினைச்சொற்களும் அதே ஆசிரியர் சென்ற முறை உங்கள் தாளில் எழுதிய கருத்துகளும்தான் கையில் இருக்கும். 'சான்று எங்கே?' என்று போன முறை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால், அதுவே இந்த முறை பட்டியலின் முதல் வரி.

இந்தப் பட்டியலால் செய்ய முடியாததும் உண்டு. ஒப்பீடு இருக்கிறதா என்று அது காட்டும், அந்த ஒப்பீடு சரியா என்று காட்டாது. குளோரின் பற்றித் தவறான தகவலை எழுதிவிட்டு 15க்கு 15 டிக் போட முடியும். அதற்குப் பாடத்தைத்தான் திரும்பிப் படிக்க வேண்டும்.

மதிப்பெண் வந்ததும் பட்டியலைத் தூக்கிப் போடாமல், ஆசிரியர் தந்த எண்ணை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் டிக் போட்டு, ஆசிரியர் குறைத்த வரி எதுவோ அது சரியாக எழுதப்படாத வரி. அந்த மாணவியின் அடுத்த கட்டுரையில் 7வது வரிதான் அப்படி மாட்டியது. மேற்கோளுக்குப் பின் அவள் வாக்கியம் இருந்தது, ஆனால் அது மேற்கோளையே வேறு சொற்களில் திரும்பச் சொன்னது. இப்போது அவள் பட்டியலில் அந்த வரி, 'மேற்கோளுக்குப் பின் வரும் என் வாக்கியத்தில் "ஆகவே", "ஆனால்", "ஏனென்றால்" ஆகியவற்றில் ஒன்று வருகிறதா?' என்று இருக்கிறது.